வெள்ளைத்துணி விரித்த கதிரை

பதிவு கொஞ்சம் நீளம். இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

ஏழு வருடங்களுக்கு முன் நாம் படிப்பித்த பாடசாலையில் ஒரு சர்வமத நிகழ்வு நடந்தது. அழைப்பிதழில் "நான்கு மதங்களின் மதகுருமார்" என்று அச்சடித்திருந்தோம். பக்கத்துச் சிங்கள ஊர் விகாரையின் பெரிய ஹாமுதுருவுக்குச் சுகமில்லை. அவருக்குப் பதிலாகப் பதினொரு வயதுப் பிள்ளை ஒருவரைக் காவியுடையோடு தாயக சபைப் பெரியவர் ஒருவர் கூட்டிக்கொண்டு வந்தார். வழக்கப்படி உயரமான கதிரையில் வெள்ளைத்துணி விரித்து அவரை அதில் இருத்தினோம். அறுபதைத் தாண்டிய நமது ஊர்ப் பள்ளி இமாம் அதற்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார்.

கூட்டம் முடிந்ததும் ஒரு வாப்பா நம்மைப் பிடித்துக்கொண்டார். "எங்கட ஹஸ்ரத்துக்குப் பிளாஸ்டிக் கதிரை, அந்தப் பொடியனுக்கு வெள்ளைத்துணியா சேர்? இதுவா சமத்துவம்?" இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த வருடம் இந்த நிகழ்வே வேண்டாம் என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் தீர்மானம் எடுக்கும் அளவுக்குப் போனது. வரலாறு படிப்பிக்கும் ஆசிரியர்களாக இருந்தும் அந்த வாப்பாவுக்குச் சொல்ல நம்மிடம் பதில் இருக்கவில்லை. கல்வியியற் கல்லூரியில் நான்கு மதங்களின் பண்டிகைகளைப் படித்தோமே தவிர, அந்தந்த மதத்தில் முன்னால் நிற்கும் மனிதர் எப்படி அந்த இடத்துக்கு வருகிறார் என்று யாரும் நமக்குப் படிப்பிக்கவில்லை.

பிறகு தேடிப் படித்தோம். பிழை "மதகுருமார்" என்ற அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. ஒரே சொல்லுக்குள் நாம் அடைத்த நான்கு பேரும் நான்கு வேறு வழிகளால் வந்தவர்கள்.

முதலில் நமது வீட்டையே பார்ப்போம். இமாம் என்றால் முன்னால் நிற்பவர். தொழுகையில் முன்னால் நிற்பதுதான் அவரது வேலை. பேஷ் இமாம் வராத நாளில், ஓதத் தெரிந்த ஒருவர் சப்பிலிருந்து முன்னுக்குப் போனால் அந்தத் தொழுகைக்கு அவர்தான் இமாம். ஸலாம் கொடுத்து எழும்பியதும் அவர் திரும்பவும் கடைக்காரர், திரும்பவும் வாத்தியார். இமாம் ஆவதற்கு யாரும் யாருடைய தலையிலும் கை வைப்பதில்லை. ஷாபிஈ மத்ஹபின்படி ஜும்ஆவுக்கு நாற்பது பேர் வேண்டும். இமாமும் அந்த நாற்பதில் ஒருவர்தான். நிக்காஹ்வுக்கு வலியும் இரண்டு சாட்சிகளும் சொல்லும் ஏற்பும் வேண்டும். இமாம் அங்கே இருப்பது வழக்கம், நிபந்தனை அல்ல.

மௌலவி என்பது வேறு. அது அரபுக் கல்லூரியில் பல வருடங்கள் ஓதி முடித்துப் பெறுகிற படிப்புப் பட்டம். மௌலவி ஒருவர் இமாமாக இல்லாமல் பாடசாலையில் மௌலவி ஆசிரியராக இருக்கலாம், புடைவைக் கடையும் வைத்திருக்கலாம். ஹாபிழ் குர்ஆனை மனனம் செய்தவர். முஅத்தின் பாங்கு சொல்பவர். காதி அரசாங்கம் நியமிக்கும் நீதிபதி. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அவர் மௌலவியாக இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. இவர்கள் எல்லாரையும் வெளியே இருப்பவர்கள் "முஸ்லிம் மதகுரு" என்று எழுதினால் நாம் கோபப்படுகிறோம். ஆனால் நாமும் காவி உடுத்த எல்லாரையும் "பிக்கு" என்றும், வெள்ளை அங்கி போட்ட எல்லாரையும் "பாதிரி" என்றும்தானே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

லெப்பை என்ற சொல்லையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நமது மூத்தவாப்பாமார் காலத்தில் ஊருக்கு மௌலவி இல்லை, லெப்பைதான் இருந்தார். பிள்ளைக்கு ஓதிக்கொடுப்பதும், பெயர் வைப்பதும், மையித்துக்கு முன்னால் நிற்பதும் அவரே. பள்ளியின் சொத்தையும் ஊர் வழக்கையும் பார்ப்பது மரைக்கார். ஓதும் வேலை ஒருவர் கையில், அதிகாரம் இன்னொருவர் கையில். இன்றும் நம்பிக்கையாளர் சபை நியமிக்க இமாம் வேலை செய்கிறார் என்ற ஏற்பாட்டில் அந்தப் பழைய பிரிவு இருக்கிறது. காலப்போக்கில் லெப்பை குடும்பப் பெயராகவும் ஆனது. கண்டியில் பிறந்த சித்திலெப்பை (1838–1898) சட்டத்தரணி, பத்திரிகை நடத்தியவர், நமது கல்விக்கு அடித்தளம் போட்டவர். பெயரில் லெப்பை இருப்பதால் அவர் பள்ளி லெப்பையாக இருந்தார் என்று பிள்ளைகள் பரீட்சைத்தாளில் எழுதிவிடுகிறார்கள்.

சரி, அந்தப் பதினொரு வயதுப் பிள்ளைக்கு வருவோம். அவர் பிக்கு அல்ல, சாமணேரர். பத்துச் சீலங்களை ஏற்றுக்கொண்டு காவி உடுத்தவர். பழைய வினய நூல்களின்படி காக்கையை விரட்டத் தெரியும் வயது வந்தால் ஒரு பிள்ளையைச் சாமணேரராக ஏற்கலாம். ஆனால் பிக்கு ஆவதற்கு இருபது வயது நிரம்ப வேண்டும்; அந்த இருபதைத் தாயின் கருவில் தங்கிய நாளிலிருந்து எண்ணுகிறார்கள். பிக்குவுக்கு 227 விதிகள். சாமணேரரிலிருந்து பிக்குவாக மாறும் சடங்குக்கு உபசம்பதா என்று பெயர்.

இந்த உபசம்பதாவை விளங்கிக்கொண்டால்தான் மற்றதெல்லாம் விளங்கும். எல்லை குறிக்கப்பட்ட ஓர் இடம் வேண்டும். அதைச் சீமை என்பார்கள். ஆற்று நீரின் நடுவிலும் அதை அமைக்கலாம். பிக்குவாகிப் பத்து வருடம் முடித்த ஒருவர் குருவாக நிற்க வேண்டும். வருபவரிடம் கேள்விகள் கேட்பார்கள்: நீ மனிதனா, சுதந்திரமானவனா, கடன் இருக்கிறதா, அரச சேவையில் இருக்கிறாயா, தாய் தகப்பனின் அனுமதி உண்டா, இருபது வயது நிரம்பியதா, பாத்திரமும் உடையும் இருக்கின்றனவா. பிறகு சபையின் முன் ஒரு தடவை பிரேரணை வைத்து, மூன்று தடவை அறிவிப்பார்கள். எதிர்ப்பவர் பேச வேண்டும், சம்மதிப்பவர் மௌனமாக இருக்க வேண்டும். மூன்றாவது அறிவிப்பு முடியும் வரை யாரும் வாய் திறக்காவிட்டால் அவர் பிக்கு.

அந்தச் சபையில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதுதான் இலங்கையின் வரலாற்றையே திருப்பிய கணக்கு. புத்தர் நடமாடிய மத்திய தேசத்தில் பத்துப் பேர். எல்லைப்புற நாடுகளில், இலங்கையும் அதில் அடக்கம், ஐந்து பேர். ஐந்து பேரும் உபசம்பதா பெற்ற பிக்குகளாக இருக்க வேண்டும். நாலு பேர் இருந்தால் முடியாது. நாடே பௌத்தர்களாக இருந்தாலும், மன்னரே கட்டளையிட்டாலும் முடியாது.

இந்த ஐந்து பேர் இலங்கையில் இல்லாமல் போன காலம் ஒன்று இருந்தது. போர்த்துக்கேயர் காலத்துப் போர்களுக்குப் பிறகு கண்டி இராச்சியத்தில் உபசம்பதா அற்றுப்போனது. முதலாம் விமலதர்மசூரியன் அரக்கானிலிருந்து, அதாவது இன்றைய மியன்மாரின் ராக்கைன் கரையிலிருந்து, பிக்குகளை அழைப்பித்துக் கெட்டம்பேயில் மகாவலி நீரில் சடங்கை நடத்தினார். அது சில தலைமுறைகளே நின்றது. இரண்டாம் விமலதர்மசூரியன் 1697இல் மறுபடியும் அரக்கானிலிருந்து அழைத்தார். அதுவும் நிற்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் விகாரைகள் இருந்தன, விகாரை நிலங்கள் இருந்தன, ஆனால் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கணின்னான்சே எனப்பட்டவர்கள். உடையைப் பார்த்தால் துறவிகள் போலத்தான் இருப்பார்கள். சிலருக்குக் குடும்பம் இருந்தது, சிலர் விகாரை நிலத்தைச் சொந்தக்காரருக்கே கைமாற்றினார்கள். உபசம்பதா பெற்றவர் ஒருவரும் அவர்களிடையே இல்லை.

அரக்கான் பிக்குகள் இரண்டாவது தடவை வந்த அடுத்த வருடம், 1698இல், வெலிவிட்ட சரணங்கரர் பிறந்தார். பதினாறு வயதில் சாமணேரரானார். பாலி மொழியைத் தேடித் தேடிப் படித்தார். பிச்சை எடுத்துச் சாப்பிட்டு ஒழுக்கத்தோடு வாழும் இளைஞர்களைச் சில்வத் சமாகம என்ற பெயரில் சேர்த்தார். நூல்கள் எழுதினார். மன்னர்கள் அவர் சொல்லைக் கேட்டார்கள். படிப்பும் மதிப்பும் சீடர்களும் இருந்தும் அவர் பிக்கு ஆக முடியவில்லை. நாற்பது வயதிலும் சாமணேரர், ஐம்பது வயதிலும் சாமணேரர். அவரை விடத் தகுதியானவர் நாட்டில் யாரும் இல்லை என்பதால் அவர் தானே பிக்கு என்று அறிவித்துக்கொள்ளவில்லை. அப்படி அறிவித்தால் அது செல்லாது என்று அவருக்குத் தெரியும்.

அப்போது கண்டியை ஆண்டவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்க மன்னர்கள். கண்டிக்குத் துறைமுகம் இல்லை, கப்பல் இல்லை. கரை முழுவதும் ஒல்லாந்தர் கையில். அவர்களிடம் கப்பல் கேட்டு சீயத்துக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, தூது அனுப்பினார்கள். முதல் தூது கப்பல் உடைந்து போனது. இரண்டாவது தூதுக்குழு போயிருந்த நேரத்தில் மன்னர் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் காலமாக, அதுவும் வெறுங்கையோடு முடிந்தது. அடுத்து வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் 1750இல் மூன்றாவது தூதைத் திருகோணமலையிலிருந்து அனுப்பினார். அயோத்தியா நகரத்து மன்னர் உபாலி தேரரையும் மற்றப் பிக்குகளையும் அனுப்பி வைத்தார். 1753இல் அவர்கள் திருகோணமலையில் இறங்கினார்கள். அந்த வருடம் எசல போயா அன்று கண்டி மல்வத்தை விகாரையில் சடங்கு நடந்தது.

சரணங்கரருக்கு அப்போது 55 வயது. ஏறக்குறைய நாற்பது வருடம் காத்திருந்து அவர் பிக்குவானார். அந்த வருடமே மன்னர் அவரைச் சங்கராஜர் ஆக்கினார். உபாலி தேரர் நாடு திரும்பவில்லை. 1756இல் கண்டியிலேயே காலமானார். இன்று மல்வத்தை, அஸ்கிரிய என்று நாம் கேள்விப்படும் சியாம் நிகாயவின் பெயர் அந்தச் சீயத்திலிருந்து வந்தது. பின்னாளில் சியாம் நிகாயவில் கொவிகம சாதியினருக்கு மட்டுமே உபசம்பதா என்று வந்தபோது, கரையோரத்தைச் சேர்ந்த அம்பகஹபிட்டிய ஞானவிமல தேரர் பர்மாவின் அமரபுரத்துக்குப் போய், 1803இல் திரும்பி வந்தார். அமரபுர நிகாய அப்படித் தொடங்கியது. அவர்களும் உள்ளூரில் புதிதாக ஒன்றைத் தொடங்கிவிடவில்லை. அறாத சங்கிலி எங்கே இருக்கிறதோ அங்கே கடல் கடந்து போனார்கள்.

இப்போது அந்த வெள்ளைத்துணி விளங்கும். அது பிள்ளையின் வயதுக்கோ அறிவுக்கோ விரித்த துணி அல்ல, அவர் உடுத்திருந்த உடைக்கு விரித்தது. அதே பிள்ளை விகாரைக்குள் போனால் பெரியவர்களுக்குப் பின்னால்தான் நிற்பார். சங்க சபையில் அவரது குரல் கணக்கில் வராது. பிக்குகளுக்குள் மூப்பு பிறந்த வருடத்தைக் கொண்டு அல்ல, உபசம்பதாவுக்குப் பிறகு கழித்த வஸ் காலங்களைக் கொண்டு எண்ணப்படுகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். காவி உடுத்துத் தலை மழித்த பெண்களையும் நாம் பிக்குணி என்கிறோம். அவர்களில் பலர் தசசில் மாதாக்கள், பத்துச் சீலம் காப்பவர்கள். பிக்குணிச் சங்கிலி இலங்கையில் சோழர் காலத்தோடு அறுந்தது. 1990களில் அதை மீட்டதாகச் சிலர் சொல்ல, பெரிய நிகாயக்கள் இன்னும் ஏற்கவில்லை. அங்கும் வழக்கு அதே சங்கிலியைப் பற்றியதுதான்.

கண்டியில் பிக்கு இல்லாதிருந்த அதே நூற்றாண்டுகளில் கரையில் கத்தோலிக்கருக்கும் அதே கதி. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானதும் குருவானவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பவர்களுக்கு மரண தண்டனை என்று கட்டளை. கிட்டத்தட்ட முப்பது வருடம் குருவானவர் இல்லாத கத்தோலிக்கர்கள் என்ன செய்தார்கள்? செபமாலை சொன்னார்கள். பிள்ளை பிறந்தால் ஒரு மூப்பர் ஞானஸ்நானம் கொடுத்தார். அவசரத்தில் யாரும் கொடுக்கலாம் என்று அவர்களது சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. அவற்றுக்கு ஆயர் கைவைத்து அபிஷேகம் செய்த குருவானவர் வேண்டும். 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் வந்திறங்கிய பிறகே அவை திரும்பக் கிடைத்தன. கண்டியில் ஒற்றன் என்று முதலில் சிறையில் போட்டார்கள். பிறகு அவரை வேலை செய்ய விட்ட மன்னர் யார் தெரியுமா? அரக்கானிலிருந்து பிக்குகளை அழைத்த அதே இரண்டாம் விமலதர்மசூரியன். தன் நாட்டில் அற்றுப்போனது என்னவென்று தெரிந்த மன்னர் அல்லவா என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம்.

இந்த இடத்தில் நமது முன்னோரையும் வைத்துப் பாருங்கள். போர்த்துக்கேயர் முஸ்லிம்களைக் கரையிலிருந்து விரட்டினார்கள், ஒல்லாந்தரும் நெருக்கினார்கள். அவர்களிடமும் பெரிய ஆலிம்கள் இல்லை. ஆனால் ஐவேளைத் தொழுகை ஒரு நாளும் ஆள் இல்லாமல் நிற்கவில்லை. பாத்திஹா ஓதத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும், ஜமாஅத் நடக்கும். அதற்கு விலையும் உண்டு. சங்கிலி இல்லாததால் அறிவு குறைந்தவர் முன்னால் நின்றாலும் தடுக்க எந்தச் சீமையும் கிடையாது. மூன்று தடவை அறிவித்து எதிர்ப்பு உண்டா என்று கேட்கும் ஏற்பாடு நம்மிடம் இருந்திருந்தால் சில ஊர்களின் சண்டைகள் குறைந்திருக்குமோ என்று சில வேளை தோன்றும்.

யூதர்களின் ரப்பி நம்மில் பலர் நினைப்பது போல் "யூத இமாம்" அல்ல. அவர்களது கூட்டுத் தொழுகைக்கு வயது வந்த பத்து ஆண்கள் வேண்டும் என்பது மரபு. ரப்பி வேண்டும் என்று இல்லை. தொழுகையை நடத்துபவர் ஹஸ்ஸான். ரப்பி சட்டம் படித்தவர், தீர்ப்புச் சொல்பவர்; நம்மிடம் முப்தி இருக்கும் இடம். ஆதியில் அவர்களுக்கும் ஆசிரியர் மாணவருக்கு அதிகாரம் கொடுக்கும் ஸெமிகா என்ற சங்கிலி இருந்தது. ரோமர் ஆட்சியின் நெருக்கடிகளுக்குப் பின் அது அற்றுப்போனது. 1538இல் உஸ்மானிய ஆட்சியின் கீழிருந்த ஸஃபத் நகரத்தில் யாக்கோப் பேராப் என்ற ரப்பி, அந்த மண்ணின் அறிஞர்கள் ஒருமித்தால் அறுந்ததை மறுபடி தொடங்கலாம் என்று முயன்றார். ஜெரூசலத்தின் ரப்பி லேவி இப்னு ஹபீப் ஒப்பவில்லை. முயற்சி நின்றுபோனது. கண்டிக்கு ஒரு சீயம் இருந்தது. ஸஃபத்துக்கு அப்படி ஓர் இடம் உலகில் எங்கும் இருக்கவில்லை. இன்று ரப்பி பெறும் சான்று படிப்புக்கான சான்றுதான், அந்த வகையில் மௌலவிப் பட்டத்துக்குக் கிட்ட.

சுவாமி என்ற சொல்தான் நமது பகுதியில் அதிகம் குழப்புவது. கோயிலில் பூசை செய்யும் குருக்கள் பிறப்பாலும் தீட்சையாலும் ஆசாரியாபிஷேகத்தாலும் வருபவர். மனைவி மக்களோடு வாழ்பவர். கதிர்காமத்தில் வாயை வெள்ளைத்துணியால் கட்டிப் பூசை செய்பவர் குருக்களும் அல்ல, கப்புறாளை. சுவாமி என்பது துறவு கொண்டவருக்குரிய பெயர். காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம் விஞ்ஞானம் படித்து, ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்து, 1924இல் இராமகிருஷ்ண மிஷனில் துறவு பெற்று சுவாமி விபுலானந்தர் ஆனார். கோயில் பூசை அவரது வேலை அல்ல. பாடசாலைகள் நடத்தினார், பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் சுவாமி ஞானப்பிரகாசர் என்று இன்னொரு பெரிய தமிழறிஞர். அவர் கத்தோலிக்கக் குருவானவர்! தமிழ்க் கத்தோலிக்கர் தமது குருவானவரையும் சுவாமி என்றே அழைப்பார்கள். இருவரும் காலமானது 1947இல். ஒரே சொல், இரண்டு மதம்.

பாஸ்டரைப் பற்றி ஒன்று மட்டும். அந்தச் சொல்லின் பொருள் மேய்ப்பர். புரட்டஸ்தாந்து சபைகளின் போதகர் அவர், மணம் முடிக்கலாம். மெதடிஸ்த சபை போன்றவற்றில் பயிற்சியும் அபிஷேகமும் இடமாற்றமும் உண்டு, சில சுயாதீன சபைகளில் சபையைத் தொடங்கியவரே பாஸ்டர். ஒல்லாந்தர் காலத்தில் அவர்களது போதகர்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை ஊராருக்குப் பிரசங்கத்தை வாசித்ததும், ஞானஸ்நான, விவாகத் தோம்புகளை எழுதிவைத்ததும் யார் என்று நினைக்கிறீர்கள்? பள்ளிக்கூட வாத்தியார்! வாத்தியார்மாருக்கு மேலதிக வேலை கொடுக்கும் பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

இவ்வளவையும் சுருக்கி அடுத்த அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் சொன்னோம். கேள்வி கேட்ட வாப்பா முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப எங்கட ஹஸ்ரத்துக்கும் துணி விரிக்கத் தேவல்ல, அவர் எங்களோட இருக்கிற ஆள்" என்றார். நிகழ்வு நடந்தது. அழைப்பிதழில் மதகுருமார் என்ற சொல்லை எடுத்துவிட்டு, தேரர், குருக்கள், குருவானவர், இமாம் என்று அவரவரை அவரவர் பெயரால் எழுதினோம்.

அந்தச் சிறுவருக்கு இப்போது பதினெட்டு வயது. போன மாதம் பஸ் தரிப்பிடத்தில் கண்டோம். இன்னும் இரண்டு வருடத்தில் உபசம்பதா என்றார். நமது இமாம் இப்போது இமாம் இல்லை. நம்பிக்கையாளர் சபை மாறியது, புதியவர்கள் வேறொருவரை நியமித்தார்கள். அவர் மகனின் பலசரக்குக் கடையில் இருக்கிறார். மௌலவிப் பட்டம் அவரிடமேதான் இருக்கிறது. சந்தேகம் கேட்க வருபவர்களும் கடைக்கே வருகிறார்கள். புது இமாம் வராத ஒரு சுபஹில் அவரைத்தான் முன்னுக்குத் தள்ளினோம்.